ரப்பர் ஷீட் வியாபாரத்தில் பணம் போடுமுன்: முளாரபாவா, முஷாரகாவா?

வித்துராவில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றை இருவர் தொடங்கப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது, வியாபாரம் தெரியாது. மற்றவருக்கு ஷீட்டைத் தொட்டே தரம் பிரிக்கத் தெரியும், கையில் காசில்லை. இதற்கென்றே இஸ்லாமிய வணிகச் சட்டம் வகுத்த ஒப்பந்தம் முளாரபா. லாபத்தை 60:40 என்று பேசிக்கொள்ளலாம். வருட லாபம் 1,50,000 என்றால் முதலாளிக்கு 90,000, உழைப்பாளிக்கு 60,000. விலை சரிந்து 1 லட்சம் நஷ்டமானால் முழுவதும் முதலாளியின் பணத்தில் போகும். உழைப்பாளிக்கு அந்த வருட உழைப்பு வீண். அவர் கவனக்குறைவாகவோ பேச்சை மீறியோ நடந்திருந்தால் மட்டுமே ஈடுகட்ட வேண்டும்.

உழைப்பவரும் 2 லட்சம் போட்டால் அது முஷாரகா. இதில் நஷ்டம் முதல் போட்ட விகிதப்படிதான்: ஒருவருக்கு 75,000, மற்றவருக்கு 25,000. கடையை நடத்துபவருக்கு லாபத்தில் 40 சதவீதம் தர ஹனபி மத்ஹபு இடம்தரும். ஷாஃபி மத்ஹபிலோ லாபமும் முதல் விகிதத்திலேயே போகும். இரு மத்ஹபினரும் வாழும் ஊரில் இதை முதலிலேயே பேசி முடிப்பது நல்லது.

என் யோசனை: உழைப்பவரால் சிறு தொகையாவது போட முடிந்தால் முஷாரகாவைத் தேர்ந்தெடுங்கள். தன் பணமும் கரையும் என்று தெரிந்தவர் ஈர ஷீட்டை நல்ல ஷீட் விலைக்கு வாங்க மாட்டார்.

எதுவானாலும் பத்திரத்தில் நஷ்ட விகிதத்தைத் தனியாக எழுதுங்கள். 1932ஆம் ஆண்டின் இந்தியப் பங்காண்மைச் சட்டப்படி, பத்திரம் இரண்டையும் பற்றிப் பேசாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. லாப விகிதம் மட்டும் இருந்தால், நஷ்டமும் அதே விகிதம் என்றே பொதுவாகக் கொள்ளப்படும். அப்போது உழைப்பவர் தலையில் விழுவது 25,000 அல்ல, 40,000.

இன்னொரு ஆபத்து கடன்காரர்களிடமிருந்து வரும். முளாரபாவில், முதலாளி கடன் வாங்க அனுமதிக்காதவரை, அவருடைய இழப்பு போட்ட பணத்தோடு நிற்கும். சாதாரணப் பங்காண்மையிலோ கடையின் கடனுக்கு அவர் வீடும் பொறுப்பாகலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்.எல்.பி. இந்த வரம்பைத் திருப்பித் தருகிறது. ஆனால் வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் தணிக்கையும் உண்டு. ஷீட் வியாபாரத்தில் அது எளிதில் தாண்டிவிடும்.

வங்கியிடம் இந்த முறையில் பணம் கேட்க வழியில்லை. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. வட்டியில்லா வங்கித் திட்டத்தைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கியும் 2017இல் சொல்லிவிட்டது.

‘மாதம் 8,000 லாபம் நிச்சயம்’ என்று யாராவது சொன்னால் ஷீட் விலை இறங்கிய மாதத்தின் தொகையைப் பாருங்கள். அப்போதும் அதே 8,000 வந்தால் அது கடனுக்கான வட்டி, முளாரபாவும் செல்லாது. மாதாமாதம் முன்பணம் எடுப்பதில் தவறில்லை. வருட முடிவில் இருப்புச் சரக்கை அன்றைய விலைக்கு மதித்து, முதலை முதலில் நிறைவு செய்து, மிஞ்சுவதை மட்டும் லாபமாகப் பிரித்து, அதில் முன்பணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.