ரவுட்டர் போனாலும் பில் அடிக்கலாம்: மத்திகிரி கிளை அலுவலகத்துக்குச் சில குறிப்புகள்

மத்திகிரியில் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் கிளை அலுவலகம். இருபத்தைந்து கம்ப்யூட்டர், ஒரே ரவுட்டர். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த ரவுட்டரின் அடாப்டர் எரிந்துபோனது. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நின்றது. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. "அண்ணா, நெட் வரல, பில் அடிக்க முடியல. டிரைவர் இஞ்சினையே ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு" என்று டிஸ்பாட்ச் பெண் போன் செய்தார். அலமாரியில் மாற்று ரவுட்டர் இருந்தது, ஆனால் அதை மாட்டி செட்டிங் போடத் தெரிந்தவர் அங்கே இல்லை. நான் போய்ச் சேர்ந்து சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. மறுவாரமே அங்கு வி.ஆர்.ஆர்.பி. போட்டுக் கொடுத்தேன். அப்போது செய்ததும், செய்யும்போது இடறியதும் கீழே.

1. மாற்று ரவுட்டர் அலமாரியில் தூங்கக் கூடாது. இரண்டு ரவுட்டரும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று வேலை செய்யும், மற்றது அதைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கும். வேலை செய்வது வினாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று 224.0.0.18 என்ற முகவரிக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்பும். அந்தக் குரல் நின்றால் இரண்டாவது ரவுட்டர் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வி.ஆர்.ஆர்.பி. என்பது இவ்வளவுதான். 1998-ல் வந்த ஏற்பாடு இது. வேலை செய்வதற்கு மாஸ்டர் என்றும், காத்திருப்பதற்கு பேக்கப் என்றும் பெயர். 2024-ல் வந்த புதிய விதிநூல் மாஸ்டர் என்ற சொல்லை விட்டுவிட்டது, ஆனால் ரவுட்டர் திரையில் இன்னும் அதுதான் இருக்கிறது.

2. பழைய கேட்வே எண்ணைப் பொது எண்ணாக்குங்கள். அந்த அலுவலகத்தில் கேட்வே 192.168.10.1. பிரிண்டர், விரல் வைத்துப் பதியும் வருகைக் கருவி, கேமரா பெட்டி எல்லாவற்றிலும் அந்த எண்ணைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினால் ஒன்றாவது விட்டுப்போகும். அதனால் முதல் ரவுட்டருக்கு .2, இரண்டாவதற்கு .3 என்று புது எண் கொடுத்துவிட்டு, .1 என்பதை இருவருக்கும் பொதுவான மெய்நிகர் எண்ணாக வைத்தேன். எந்த மேசையிலும் எதையும் தொட வேண்டி வரவில்லை.

இரண்டும் மைக்ரோடிக் ரவுட்டர்கள். முதல் ரவுட்டரில் போட்டது இது:

```
/interface vrrp add name=vrrp1 interface=bridge vrid=10 priority=200
/ip address add address=192.168.10.1/32 interface=vrrp1
/interface list member add list=LAN interface=vrrp1
```

இரண்டாவதிலும் இதே மூன்று வரிகள்தான், `priority=100` என்பது மட்டும் மாறும். `vrid` இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அதே நெட்வொர்க்கில் வேறு யாரும் அந்த எண்ணை எடுத்திருக்கவும் கூடாது.

மூன்றாவது வரியை நான் முதலில் மறந்தேன். விளைவு விசித்திரமாக இருந்தது: எண்ணைக் கொடுத்தால் பிங் போகிறது, பெயரைக் கொடுத்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் பேசுவது இப்போது `vrrp1` வழியாக உள்ளே வருகிறது. ரவுட்டரின் ஃபயர்வாலுக்கு அது வீட்டு ஆள் என்று தெரியாததால், டி.என்.எஸ். கேள்விகளை வாசலிலேயே தள்ளிவிட்டது. "நெட் இருக்கு, ஆனா எதுவும் ஓப்பன் ஆகல" என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

3. எத்தனை வினாடி நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேக்கப் ரவுட்டர் மூன்று அறிவிப்பு நேரமும், அதன்மேல் கொஞ்சமும் காத்திருக்கும். அந்தக் "கொஞ்சம்" அதன் முன்னுரிமை எண்ணைப் பொறுத்தது: 256-லிருந்து அந்த எண்ணைக் கழித்து 256-ஆல் வகுக்க வேண்டும். முன்னுரிமை 100 என்றால் 0.61 வினாடி. ஆக மொத்தம் 3.61 வினாடி. ரவுட்டரை முறைப்படி அணைத்தால் அது "நான் கிளம்புகிறேன்" என்று பூஜ்ய முன்னுரிமையோடு கடைசித் தகவல் அனுப்பும். அப்போது அந்தக் "கொஞ்சம்" மட்டும்தான் காத்திருப்பு.

ஆனால் இரண்டு ரவுட்டரும் வெவ்வேறு இணைப்பில் இருந்தால் வெளியே தெரியும் ஐ.பி. மாறிவிடும். ஓடிக்கொண்டிருந்த ரிமோட் டெஸ்க்டாப் அறுந்துபோகும், இணையவழிப் போன் பேச்சு நின்றுபோகும், சில தளங்கள் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த கிளிக்கில் வேலை தொடரும் என்பதுதான் இதில் கிடைப்பது. எதுவுமே தெரியாமல் மாறிவிடும் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

4. ரவுட்டர் உயிரோடு இருந்தும் நெட் செத்திருக்கலாம். பலர் வழுக்கி விழும் இடம் இது. வி.ஆர்.ஆர்.பி. கவனிப்பது அலுவலகத்துக்கு உள்பக்கத்தை மட்டும். தெருவில் ஜே.சி.பி. தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டால் முதல் ரவுட்டருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "நான் இருக்கிறேன்" என்று வினாடிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருக்கும். பேக்கப்பும் நம்பிக்கொண்டு சும்மா இருக்கும். சாலை வேலை ஓயாத நம் பக்கத்தில் ரவுட்டர் எரிவதைவிடக் கேபிள் அறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் ரவுட்டர் வெளியே ஒரு முகவரியைப் பிங் செய்து பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் தன் முன்னுரிமையைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்:

```
/tool netwatch add host=8.8.8.8 type=icmp interval=10s \
 down-script="/interface vrrp set vrrp1 priority=50" \
 up-script="/interface vrrp set vrrp1 priority=200"
```

200 என்பது 50 ஆனதும் 100 வைத்திருக்கும் பேக்கப் மேலே வந்துவிடும். `type=icmp` என்று கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு சுற்றுக்குப் பல பிங் அனுப்பிப் பார்க்கும், ஒரே ஒரு பிங் தவறியதற்காகக் கூச்சல் போடாது. பிங் செய்யும் முகவரி இணைப்புக் கம்பெனியின் அடுத்த பெட்டியாக இருந்தால் பயனில்லை. அந்தப் பெட்டி பதில் சொல்லும், அதற்கு அப்பால் அறுந்திருக்கும்.

5. திரும்பி வந்த ரவுட்டர் உடனே நாற்காலியைப் பிடிக்க விடாதீர்கள். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டியோ பச்சை விளக்கு எரிய இன்னும் நேரம் எடுக்கும். முன்னுரிமை 200 இருக்கும் முதல் ரவுட்டர் எழுந்த உடனேயே பேக்கப்பை எழுப்பிவிட்டு உட்கார்ந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நெட் நின்றுபோகும். ஆகவே முதல் ரவுட்டரில் மட்டும்:

```
/interface vrrp set vrrp1 preemption-mode=no
```

இரண்டாவது ரவுட்டரில் இதைப் போடக் கூடாது. போட்டால் 4-ஆவது குறிப்பில் சொன்னது வேலை செய்யாது. முதல் ரவுட்டர் தன் எண்ணை 50 ஆக்கிக்கொண்டாலும் பேக்கப் மரியாதையாக நின்றுகொண்டே இருக்கும். மாலையில் எல்லாரும் கிளம்பிய பிறகு இரண்டாவது ரவுட்டரில் `vrrp1`-ஐப் பத்து வினாடி அணைத்துப் போட்டால் பொறுப்பு பழையபடி முதல் ரவுட்டருக்குப் போய்விடும். தானாகத் திரும்பட்டுமே என்பவர்கள் உண்டு. நாளில் இரண்டு முறை நெட் தடுமாறுவதைவிட ஒரு முறை போதும் என்பது என் கட்சி.

6. இரண்டாவது இணைப்பு எந்தக் கம்பத்தில் வருகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், கேபிள் ஒரே கம்பத்தில் ஒரே முடிச்சில் தொங்கும். அங்கேயும் அப்படித்தான் இருந்தது. அதனால் இரண்டாவது ரவுட்டருக்கு சிம் போட்ட 4ஜி இணைப்பு கொடுத்தோம். இதிலும் ஒரு குறை உண்டு. சிம் இணைப்பில் பெரும்பாலும் தனி வெளி ஐ.பி. கிடைக்காது. வெளியிலிருந்து கேமரா பார்ப்பது அந்த நேரத்தில் நடக்காது. தலைமை அலுவலகத்துக்கான வி.பி.என். இங்கிருந்து அங்கே கூப்பிடும் விதமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஐ.பி.யிலிருந்து மட்டும் அனுமதிக்கும் தளம் ஏதாவது இருந்தால் அது திறக்காது. இவற்றை முன்பே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

7. இரண்டு அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள். முடிந்தால் தனித்தனி யு.பி.எஸ்.

8. ஐ.பி. கொடுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். டி.எச்.சி.பி. முதல் ரவுட்டரில் மட்டும் இருந்தால், அது செத்த பிறகு வரும் லேப்டாப்புக்கு எண் கிடைக்காது. முதலாவதில் .50 முதல் .120 வரை, இரண்டாவதில் .130 முதல் .200 வரை என்று வைத்தோம். இரண்டும் கேட்வே, டி.என்.எஸ். இரண்டுக்கும் .1 என்றே சொல்லும்.

9. இருவருமே மாஸ்டர் என்றால் வம்பு. `/interface vrrp print` கொடுத்தால் ஒன்றில் `M`, மற்றதில் `B` தெரிய வேண்டும். இரண்டிலும் `M` என்றால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை என்று பொருள். நடுவில் ஸ்விட்ச் கேபிள் கழன்றிருக்கும், `vrid` வேறாக இருக்கும், அல்லது யாரோ எழுதிய ஃபயர்வால் விதி வி.ஆர்.ஆர்.பி.யை மறித்திருக்கும். பாதி மேசைக்கு நெட் வந்து பாதிக்கு வராமல் போவது இதன் அறிகுறி. எல்லாம் சரியாக இருந்தால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் `arp -a` கொடுக்கும்போது .1-க்கு எதிரே `00-00-5e-00-01-0a` என்று வரும். கடைசி `0a` என்பதுதான் நம் `vrid` 10. எந்த ரவுட்டர் வேலை செய்தாலும் இந்த எண் மாறாது. கம்ப்யூட்டர்களுக்கு ஆள் மாறியதே தெரியாமல் இருப்பது இதனால்தான்.

10. மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அடாப்டரைப் பிடுங்குங்கள். முதலில் ஒரு கம்ப்யூட்டரில் `ping -t 192.168.10.1` ஓடவிட்டு, பிறகு முதல் ரவுட்டரின் அடாப்டரைப் பிடுங்குங்கள். `Request timed out` என்று ஒரு வரி வரும், சில சமயம் இரண்டு. அப்புறம் பதில் ஓட ஆரம்பிக்கும். அதோடு நிறுத்திவிடாமல் ஒரு இ-வே பில் தளத்தையும் திறந்து பாருங்கள். கேட்வே பதில் சொல்வது வேறு, வெளியே நெட் போவது வேறு.

எங்கள் நான்காவது மாதச் சோதனையில் பிங் அழகாக மாறியது, ஒரு தளமும் திறக்கவில்லை. முதல் ரவுட்டரில் போட்ட செட்டிங் இரண்டாவதில் விட்டுப்போனதோ என்று அரை மணி நேரம் தேடினேன். சிம் ரீசார்ஜ் தீர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இப்போது ரீசார்ஜ் தேதியை ரவுட்டரின் மேலேயே வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் ரவுட்டரிலும் ஒட்டிவிடுங்கள்.