கூடை முட்டைக் கணக்கு: பெருக்கினால் போதுமா?

கூடையிலிருந்து முட்டைகளை இரண்டிரண்டாக எடுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எடுத்தாலும் ஒன்றே மிஞ்சுகிறது. ஏழேழாக எடுத்தால் மட்டும் மீதியில்லை. குறைந்தது எத்தனை முட்டைகள் இருக்க வேண்டும்? எல்லா எண்களையும் பெருக்கி ஒன்று கூட்டினால் விடை வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2, 3, 4, 5, 6 ஆகியவற்றின் பெருக்கல் 720. ஒன்று கூட்டினால் 721. அது ஏழால் மீதியின்றி வகுபடவும் செய்கிறது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறுவதால் பிழை கண்ணில் படுவதில்லை. ஆனால் கேட்டது குறைந்தபட்ச எண். நான்கில் இரண்டும், ஆறில் இரண்டும் மூன்றும் ஏற்கெனவே அடங்கியிருக்க, அவற்றையே திரும்பப் பெருக்கியதால் எண் வீங்கிவிட்டது. இந்த ஐந்து எண்களுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 60தான்.

ஆகவே முதல் ஐந்து நிபந்தனைகளுக்கும் பொருந்தும் எண்கள் 1, 61, 121, 181, 241, 301 என அறுபது அறுபதாக ஏறுகின்றன. இவற்றை ஏழால் வகுத்தால் மீதி முறையே 1, 5, 2, 6, 3, 0. விடை 301. ஆறே எண்களைப் பார்த்ததில் வேலை முடிந்தது. அடுத்த விடை 420 தள்ளி 721இல் வருகிறது. பெருக்கியவர்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது விடை.

தேடிக் கண்டுபிடிப்பது ஊகம்தானே, கணிதமாகுமா என்று கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்த்தால் அது ஊகம். இங்கே தாண்டிச் சென்ற ஒவ்வோர் எண்ணும் முதல் ஐந்து நிபந்தனைகளில் ஏதாவது ஒன்றையேனும் மீறுவது உறுதி. எனவே 301க்குக் கீழே விடையில்லை என்பதையும் இந்தத் தேடலே நிறுவிவிடுகிறது. தேடல் முடிவின்றி நீளவும் வழியில்லை. ஏழால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் ஏழே. ஒரு மீதி திரும்ப வந்துவிட்டால், அதன்பின் பழைய வரிசையே சுழலும். அதற்குள் வேண்டிய மீதி வரவில்லையென்றால் புதிருக்கு விடையே கிடையாது. நான்கால் வகுத்தால் 1, ஆறால் வகுத்தால் 2 மிஞ்சும் எண்ணைத் தேடிப் பாருங்கள். முதல் நிபந்தனை ஒற்றைப்படை எண்ணைக் கேட்கிறது, இரண்டாவது இரட்டைப்படையைக் கேட்கிறது. நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு பொதுக் காரணி என்பதால் வந்த முரண் இது.

வகுக்கும் எண்கள் ஆயிரக்கணக்கில் போனால் இப்படி ஏறிப் பார்ப்பது சலிப்பூட்டும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் தந்த குட்டக முறை அப்போது கைகொடுக்கும். பெரிய வகுத்திகளைத் தொடர் வகுத்தலால் சிறிதாக்கிக்கொண்டே போய், சிறிய எண்களில் கிடைக்கும் விடையிலிருந்து பின்னோக்கி ஏறும் வழி அது.