எஸ்பிஎம் முடித்த மகனும் ஏர்கோன் தொழிலும்

ஈப்போவிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, கல்லூரிக்குப் பதிவுப் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பேசுவோம். வகுப்பில் பாடம் ஏறவில்லை, ஆனால் வீட்டில் பழுதான காற்றாடியைப் பிரித்து மாட்டிவிடுகிறான் என்று நீங்கள் சொல்லும் பையன்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நம்பிக்கை: கைவேலை என்றால் மறுபடியும் தோட்டத்துக் கூலி வாழ்க்கைதான்.

உண்மை: இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் அவர்களை ஒடுக்கியது கையில் பிடித்த பால்வெட்டுக் கத்தி இல்லை. அந்த வேலைக்கு விலை சொல்லும் உரிமை அவர்களிடம் இல்லாததுதான். சொந்தத் தொழில் செய்பவன் தன் விலையைத் தானே சொல்கிறான். இதை நம் ஆட்கள் ஈப்போவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து புந்தோங்கில் வந்து குடியேறிய குடும்பங்கள் கச்சாங் பூத்தே வறுத்து விற்றே ஒரு கம்பத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன.

நம்பிக்கை: மூளை இல்லாதவன்தான் ஏர்கோன் கழுவப் போவான்.

உண்மை: ஒரு வீட்டில் ஏர்கோன் குளிரவில்லை என்று கூப்பிடுகிறார்கள். அரைகுறை ஆள் வந்து “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று நிரப்பிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவான். கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் செப்புக்குழாயின் முனையை விரித்து நட்டு முறுக்கிய இடத்தில்தான் கசிவு இருக்கும். தொழில் கற்றவன் அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பான். வந்தால் முனையை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டுவான். பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுப்பான். பம்பை நிறுத்தியபின் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்ப்பான். ஏறினால் இன்னும் கசிவோ ஈரமோ இருக்கிறது. இந்தக் காத்திருப்பைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரஸரையே கெடுத்துவிடும். கடைசியில் வெளிப்பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துத் தராசில் நிறுத்துக் கேஸ் விடுவான். இப்போது பரவலாக வரும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. அது தெரியாதவன் கையில் நெருப்பைக் கொடுக்க முடியாது. இதற்கெல்லாம் மூளை வேண்டாமா?

நம்பிக்கை: தொழிலுக்குப் போனால் படிப்பு அதோடு முடிந்தது.

உண்மை: மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்றாம் நிலை முதல் மூன்றாம் நிலை வரை இருக்கிறது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமா. மலாயும் வரலாறும் தேறாமல் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காத பையனும், மலாயோ ஆங்கிலமோ எழுதப் பேசத் தெரிந்தால் முதல் நிலையில் சேரலாம். ஆனால் பிடிபிடிஎன் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றால், சான்றிதழ் வராது, கடன் மட்டும் நிற்கும்.

நம்பிக்கை: சொந்தத் தொழில் என்றால் உடனே கைநிறையக் காசு.

உண்மை: இதை நம்பியும் மகனை அனுப்பாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏர்கோன் கழுவ 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடத்தில் மாதம் 30 வேலை கிடைத்தால் 3,000. எண்ணெய்க் காசு, சாமான், போன், உதவியாளுக்குக் கொடுப்பது எல்லாம் போக 1,800 மிஞ்சினால் நல்லது. 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700ஐவிடக் கொஞ்சம்தான் கூட. மாதம் 60 வேலை என்ற நிலை வரும்போதுதான் குடும்பம் நிமிரும். அதற்கு வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிட வேண்டும். அதாவது அந்தக் கேஜ் முள்ளுக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஆகவே பதினெட்டு வயதில் கடை திறக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் நல்ல ஆளிடம் சம்பளத்துக்கு நிற்கட்டும், சான்றிதழும் எடுக்கட்டும். பிறகு எஸ்எஸ்எம்மில் பதிவு செய்ய, சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60. கருவிகளுக்குச் சில ஆயிரம் வேண்டும். டெக்குனில் இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி கடன் இருக்கிறது. முதலாளி கட்டும் ஈபிஎஃப், சொக்சோ இவனுக்குக் கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான திட்டங்களில் தானாகச் சேர்ந்து கட்டவேண்டும். ஏணியில் ஏறிச் செய்யும் வேலை, இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணிதமும் அறிவியலும் நன்றாக வந்து, பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையை இதற்கு இழுக்காதீர்கள். மற்ற பையன்களுக்கு, எஸ்பிஎம் எழுதி முடிவு வரும்வரை உள்ள மாதங்கள் சும்மா கிடக்கின்றன. பக்கத்தில் தெரிந்த ஏர்கோன் ஆளிடம் அவனை உதவிக்கு அனுப்புங்கள். சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு என்ன பழுது பார்த்தான் என்று கேளுங்கள். அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால், கல்லூரிப் பணத்தைக் கட்டாதீர்கள்.