அறிவிப்பில் வியப்புக்குறி எதற்கு?

எட்டாம் வகுப்பில் அறிவிப்பு எழுதும் பயிற்சிக்காக இதைக் கரும்பலகையில் எழுதினேன்: "அரிய வாய்ப்பு!!! மாபெரும் இலவசக் கண் பரிசோதனை முகாம்!!! தவறவிடாதீர்!!!" எல்லாமே தடித்த எழுத்து. கீழே அதன் ஆங்கில வடிவம், முழுவதும் பெரிய எழுத்தில்.

மாணவர்கள் வியப்புக்குறிகளை அழித்ததும் குறை தெரிந்தது. நாள், இடம், நடத்துபவர் எதுவுமே இல்லை. 'அரிய', 'மாபெரும்' ஆகியவற்றை நீக்கி, விவரங்களைச் சேர்த்தோம்:

"ஜூலை 12, சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியில் அரசு மருத்துவமனைக் கண் மருத்துவர்கள் மாணவர்களின் கண்களைப் பரிசோதிப்பார்கள். கட்டணம் இல்லை."

நாளையும் நேரத்தையும் மட்டும் தடித்த எழுத்தில் விட்டோம். எல்லாம் தடித்திருந்தால் எதுவும் தனித்துத் தெரியாது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதலெழுத்துக்கும் பெயர்களின் முதலெழுத்துக்கும் மட்டுமே பெரிய எழுத்து. வாழ்த்துக்கு ஒரு வியப்புக்குறி பொருந்தும். தகவலுக்கு முற்றுப்புள்ளியே போதும்.