அடி மூடிய துளையிலிருந்து புஷிங்கை எடுப்பது எப்படி?

மாணவர்களே, கியரைக் கையால் மாற்றும் பல கார்களில், கிராங்க்ஷாஃப்டின் முனையில் ஒரு துளை இருக்கும். அதற்குள் வெண்கல வளையம் ஒன்று இறுக்கமாக அமர்ந்திருக்கும். அதுவே பைலட் புஷிங். கியர்பெட்டித் தண்டின் நுனியைத் தாங்குவது அதன் வேலை.

புஷிங்கின் வெளிவிட்டம் துளையின் விட்டத்தைவிடச் சற்றே பெரியது. அதனால் அழுத்தி உள்ளே செலுத்தியபின் உராய்வு அதைப் பிடித்துக்கொள்கிறது. தேய்ந்துபோனால் எப்படி எடுப்பது? துளையின் அடி மூடியிருப்பதால் பின்னாலிருந்து தள்ள முடியாது. எனவே அந்த அடியையே ஊன்றுகோலாக்கிக் கொள்கிறோம்.

போல்ட் முறை

புஷிங்கின் உள்விட்டம் 14 மி.மீ., வெளிவிட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். M16 அளவு டேப்பால் அதன் உட்புறத்தில் மறை வெட்ட வேண்டும். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே எனத் திருப்பினால் சீவல்கள் உடைந்து விலகும். டேப் திடீரென இறுகினால் நிறுத்திவிடுங்கள். அதன் நுனி அடியைத் தொட்டிருக்கலாம். மீறித் திருப்பினால் டேப் உடைந்து உள்ளேயே சிக்கிவிடும்.

பிறகு, முழு நீளமும் மறையுள்ள M16 போல்ட்டில் எண்ணெய் தடவித் திருகுங்கள். அதன் முனை துளையின் அடியைத் தொட்டதும் மேலும் முன்னேற இயலாது. தொடர்ந்து திருகினால் புஷிங்தான் போல்ட்டின் வழியே வெளியே ஏறி வரும்.

விசை எங்கிருந்து வருகிறது?

ஸ்பேனரின் நீளம் 0.2 மீட்டர், கையின் விசை 100 நியூட்டன் எனில், ஒரு சுற்றில் செய்யும் வேலை:

2 × 3.14 × 0.2 × 100 = 125.6 ஜூல்

ஒரு சுற்றில் புஷிங் நகர்வது 2 மி.மீ. மட்டுமே. உராய்வே இல்லையெனில் விசை:

125.6 ÷ 0.002 = 62,800 நியூட்டன்

உண்மையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. எஞ்சும் சுமார் 6,000 நியூட்டன், 600 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்!

சறுக்குச் சுத்தியல் முறை

மெல்லிய புஷிங்கில் மறை வெட்டினால் சுவர் கிழிந்துவிடும். கடினமான எஃகிலோ டேப் வெட்டாது. அரத்தால் உரசும்போது அரம் வழுக்கினால் அது கடினமானது என்று அறியலாம். டேப்புடன் சேர்ந்து புஷிங்கும் சுழன்றால் மறை வெட்டவே இயலாது. அப்போது புஷிங்கின் பின்விளிம்பில் கொக்கியை மாட்டி, கம்பியில் சறுக்கும் எடையை வேகமாக வெளிப்புறம் இழுத்துக் கம்பிமுனைத் தடுப்பில் மோதவிடுவார்கள். 2 கிலோகிராம் எடை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினால் இயக்க ஆற்றல் 9 ஜூல். அதனால் புஷிங் 1 மி.மீ. நகர்ந்தால் சராசரி விசை 9,000 நியூட்டன் வரை எட்டும். ஆனால் பின்புறம் கொக்கி நுழைய இடைவெளி வேண்டும். அதிர்ச்சி அருகிலுள்ள பேரிங்குகளையும் தாக்கும்.

இரு முறைகளிலும் கண்ணாடி அணிந்து, ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: மறையின் இடைவெளி 1.5 மி.மீ. எனில், உராய்வில்லாத நிலையில் விசை எவ்வளவு? (விடை: சுமார் 84,000 நியூட்டன்)