முழுவட்டப் படத்தில் விடுபட்டவரைச் சேர்க்கும் முறை

முழுவட்டப் படம் என்பது கேமராவைச் சுற்றியுள்ள கோளத்தை ஒரு தாளாக விரித்து வைத்த படம். அகலம் 360 பாகை, உயரம் 180 பாகை. 7200×3600 பிக்சல் கொண்ட கோப்பில் ஒரு பாகைக்கு 20 பிக்சல் கிடைக்கும். படத்தின் நடுக்கோட்டில் உருவங்கள் இயல்பாக இருக்கும். அங்கிருந்து மேலும் கீழும் போகப்போக அவை பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். சாதாரணமாக எடுத்த ஒருவரின் உருவத்தை வெட்டி இந்தத் தாளில் நேராக ஒட்டினால், பார்வைச் செயலி தாளை மறுபடி கோளமாக்கும்போது கால்பகுதி ஒடுங்கிவிடும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாதம் பத்தில் ஒரு பங்கு குறுகும். ஒரு மீட்டரில் நிற்பவருக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே விரித்த தாளில் ஒட்டாமல், ஒட்ட வேண்டிய திசையை மட்டும் சாதாரணப் படமாகப் பிரித்தெடுத்து, அதில் வேலையை முடித்துத் திருப்பி வைப்பதே சரியான வழி.

ஓர் எடுத்துக்காட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பழைய கடைவீட்டின் முன்னால், தீபாவளிச் சமயத்தில், குடும்பத்தார் கேமராவைச் சுற்றி வட்டமாக நின்று படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டு லென்ஸ் கொண்ட 360 கேமரா, தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் கம்பில் நின்றது. கிள்ளானில் இருக்கும் பாட்டியால் வர முடியவில்லை. அவருக்காக விட்ட இடைவெளி, படத்தின் நடுவிலிருந்து வலப்பக்கம் 70 பாகையில் இருக்கிறது.

இவ்வகைக் கேமராவில், முன் லென்ஸ் படத்தின் நடுவைப் பார்த்தால், இரு லென்ஸ்களின் படங்களும் சேரும் ஒட்டுக் கோடுகள் இடமும் வலமும் 90 பாகையில் விழும். இரு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இல்லாததால், அருகில் உள்ள பொருள்கள் அங்கே சற்று விலகிச் சேரும். லென்ஸின் ஓரமும் அதுவே என்பதால் அங்கே கூர்மை குறைந்து, நிறமும் பிசிறும். பாட்டியின் இடம் இந்தக் கோட்டிலிருந்து 20 பாகைதான் தள்ளி இருக்கிறது. ஐந்தடி நடைபாதையின் தரை ஓடுகள் அவர் காலருகே உடைந்து தெரிவது இதனால்தான். தாளின் இடவலக் கடைசி ஓரங்கள் வேறு கதை. அவை ஒட்டு அல்ல, தாளை வெட்டிய இடம் மட்டுமே. அங்கே ஒருவரை நிறுத்தினாலும் கீழே சொல்லும் முறை அப்படியே பொருந்தும்.

முதலில் கடைவீட்டின் தூண்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் கேமராவின் செயலியிலேயே மட்டம் சரிசெய்துவிட்டுத் தொடர வேண்டும். பின்வரும் கணக்கெல்லாம் மட்டமான படத்துக்கே பொருந்தும். பிறகு எஃப்எஃப்எம்பெக் நிரலால் அந்தத் திசையைப் பிரித்தெடுக்கலாம்:

```
ffmpeg -i pano.jpg -vf "v360=e:flat:yaw=70:h_fov=90:v_fov=90:w=2400:h=2400" -frames:v 1 view.png
```

ஆள் நிற்கும் இடம் படத்தின் சரிநடுவில் வரும்படி `yaw` கோணத்தை வைக்க வேண்டும். இந்தச் சதுரப் படத்துக்கும் ஓர விரிவு உண்டு என்பதால் ஆளை ஓரத்தில் நிறுத்தக்கூடாது. பார்வையை மேலோ கீழோ சாய்க்காமல் விட்டதால் தூண்கள் நேராகவே இருக்கும்.

ஆளை வைக்கும் முன் ஒட்டுக் கோட்டைச் சீர்செய்வது நல்லது. இந்தச் சதுரத்தில் அது நடுவிலிருந்து வலப்பக்கம் சுமார் 437 பிக்சலில் இருக்கும். சுவரில் உள்ள சிறு விலகலை விட்டுவிடலாம். ஓடுகளின் இணைப்புக் கோடுதான் கண்ணை உறுத்தும். கிம்ப் மென்பொருளில், உடையாத பக்கத்து ஓடு ஒன்றைப் பிரதியெடுத்து, கோடு தொடரும்படி மேலே பொருத்தி, ஓரத்தை மென்மையாக்கினால் போதும். பக்கத்தில் நிற்பவரின் கை ஒட்டுக் கோட்டில் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கையைச் சுவரின் துண்டால் மறைக்க வேண்டும். பாட்டியின் உருவமே ஒட்டை மறைக்கும்படி அவரை அங்கே நிறுத்தவும் செய்யலாம். ஆனால் காலடித் தரையை அப்போதும் சரிசெய்தாக வேண்டும்.

அளவைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. இந்தச் சதுரத்தில் ஒரு புள்ளி நடுக்கோட்டிலிருந்து எத்தனை பிக்சல் விலகியிருக்கும் என்பது, லென்ஸ் உயரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை 1200ஆல் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 300 செ.மீ. தள்ளி நிற்பவரின் பாதம் 1200×150÷300, அதாவது நடுக்கோட்டிலிருந்து 600 பிக்சல் கீழே வரும். பாட்டியின் உயரம் 150 செ.மீ. என்றால், அது லென்ஸின் உயரமே. அவரது உச்சந்தலை எந்தத் தூரத்திலும் நடுக்கோட்டைத் தொடும். தூரம் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் பாதத்தைப் பார்த்துத் திருப்பிக் கணக்கிடலாம். அது 450 பிக்சல் கீழே இருந்தால் அவர் 400 செ.மீ. தள்ளி நிற்கிறார்.

தரைமட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்தடி நடைபாதை பெரும்பாலும் சாலையைவிட உயரம், கடைக்குக் கடை மாறவும் செய்யும். கேமரா சாலையோரத்திலும் பாட்டி 15 செ.மீ. உயர்ந்த நடைபாதையிலும் நின்றால், பாதம் 540 பிக்சல் கீழே, தலை 60 பிக்சல் மேலே என மாறும். இதைக் கவனிக்காமல் விட்டால் அவர் நடைபாதை விளிம்புக்கு முன்னால் சாலையில் நிற்பதுபோல் தெரியும்.

கிள்ளான் வீட்டில் எடுக்கும் படம்தான் பாதி வேலை. கைப்பேசியை அவர் நிற்கும் தரையிலிருந்து 135 செ.மீ. உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி, சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சாலையும் நடைபாதையும் ஒரே மட்டமாக இருந்தால் 150 செ.மீ. உயரம். தூரமும் உயரமும் ஒத்துப்போனால், வெட்டிய உருவத்தை அளவு மட்டும் மாற்றி வைத்தாலே பொருந்தும். ஒரு மீட்டரில், முகத்துக்கு நேரே எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் இருக்கும். அதைப் பின்னால் எந்தக் கருவியாலும் நன்றாகத் திருத்த முடியாது. கடைவீட்டின் நிழலில் நிற்பவர்களுக்கு வெளிச்சம் சாலைப் பக்கமிருந்தே வருகிறது. ஆகவே பாட்டியையும் வாசல் நிழலில், வெளியைப் பார்த்தபடி நிறுத்தி எடுக்கலாம்.

உருவத்தை 600 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி வைத்ததும், அது மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தெரியும். பக்கத்தவரின் புடவைக் கரையோடு ஒப்பிட்டு, அரை முதல் ஒரு பிக்சல் வரை மங்கலாக்கினால் ஒத்துவிடும். தோலின் நிறத்தையும் பக்கத்தவரோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். செருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கருநிழல் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார்.

பிறகு லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்து, எதிர்க்கோணம் கொடுத்துத் திருப்ப வேண்டும்:

```
ffmpeg -i view_done.png -vf "v360=flat:e:ih_fov=90:iv_fov=90:yaw=-70:w=7200:h=3600:alpha_mask=1" -frames:v 1 back.png
```

கிடைக்கும் படத்தில் அந்தச் சதுரம் தவிர மற்ற இடம் வெறுமையாக இருக்கும். இதை மூலப் படத்தின் மேல் லேயராக வைத்து, மாஸ்க் போட்டு, பாட்டி, நிழல், சீர்செய்த ஓடுகள் ஆகியவற்றை மட்டும் தெரியவிட வேண்டும். சதுரம் முழுவதையும் விட்டால், இருமுறை மாற்றப்பட்டதால் அந்தப் பகுதி மட்டும் மங்கித் தெரியும்.

கிம்ப்பில் சேமிக்கும்போது இது முழுவட்டப் படம் என்ற குறிப்பு அழிந்துபோகலாம். அப்படியானால் பார்வைச் செயலி அதை நீண்ட தட்டைப் படமாகவே காட்டும். எக்ஸிஃப்டூல் நிரலால் மூலக் கோப்பிலிருந்து அந்தக் குறிப்பைப் பிரதியெடுக்கலாம்:

```
exiftool -TagsFromFile pano.jpg "-XMP-GPano:all" final.jpg
```

கடைசியாக, பார்வைச் செயலியில் திறந்து பாட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஓரத்தில் எல்லாரும் விரிவார்கள். பாட்டியும் பக்கத்தில் நிற்பவரும் ஒரே அளவில் விரிந்தால் வேலை சரி. அவர் மட்டும் ஒல்லியாகவோ சாய்ந்தோ தெரிந்தால், திருப்பிய கோணத்திலோ மட்டத்திலோ பிழை இருக்கிறது.