கட்ட வடிவிலுள்ள விடைக் குறிப்பை வரிசைப் பட்டியலாக்கும் முறை

பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளின் விடைக் குறிப்பு, தாளை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பெரும்பாலும் கட்டங்களாக அச்சிடப்படுகிறது. கண்ணால் பார்த்துத் திருத்துபவருக்கு அது போதுமானது. கணிப்பொறிக்கோ அவ்வடிவம் பயன்படாது. ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் ஒரே ஒரு வினா, அதன் எண், அதற்குரிய சரியான விடை என்ற அமைப்பே அதற்குத் தேவை. ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றுவது எழுத்தர் வேலை போலத் தோன்றினும், இதில் நேரும் பிழை ஒரு மாணவனை மட்டுமன்றி, தேர்வெழுதிய அனைவரையும் ஒருங்கே பாதிக்கும்.

20 வினாக்கள் கொண்ட ஒரு தேர்வின் விடைக் குறிப்பு கீழ்க்கண்டவாறு இருப்பதாகக் கொள்ளலாம்.

```
1 C    6 A   11 B    16 D
2 B    7 D   12 A    17 C
3 A    8 C   13 D    18 B
4 D    9 *   14 B    19 A
5 B   10 C   15 AC   20 D
```

இங்கு எண்கள் மேலிருந்து கீழாகச் செல்கின்றன. 9-ஆம் வினா நீக்கப்பட்டது என்பதை உடுக்குறி காட்டுகிறது. 15-ஆம் வினாவிற்கு A, C ஆகிய இரண்டும் ஏற்கத்தக்கவை.

வினா எண்களை விட்டுவிட்டு எழுத்துக்களை மட்டும், புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக எடுத்து எழுதுவதே வழக்கமாக நேரும் தவறு. அப்போது 1, 2, 3, 4 ஆகிய வினாக்களுக்கு C, A, B, D என்று வந்துவிடும். உண்மையான விடைகள் C, B, A, D. முதல் விடையும் நான்காம் விடையும் பொருந்திவிடுவதைக் கவனிக்க வேண்டும். கட்டத்தை எவ்வாறு படித்தாலும் முதற் கட்டம் முதலிலும், கடைசிக் கட்டம் கடைசியிலுமே வரும். ஆகவே முதல் வினாவையும் கடைசி வினாவையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தி அடைவது ஒரு சோதனையே ஆகாது. 2-ஆம் வினாவையும் 6-ஆம் வினாவையும் பார்ப்பதே தக்கது.

இத்தவற்றின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 வினாக்களுக்கும் சரியாக விடையளித்த ஒரு மாணவனை இந்தப் பிழையான பட்டியலைக் கொண்டு மதிப்பிட்டால், 1, 4, 5, 8, 10, 13, 19, 20 ஆகிய எட்டு வினாக்களில் மதிப்பெண் கிடைக்கும். உடுக்குறி 14-ஆம் வினாவிற்கு இடம் மாறிவிட்டதால் அங்கும் ஒன்று சேரும். நீக்கப்பட்ட 9-ஆம் வினாவிற்கு அவன் A என்று குறித்திருந்தால் மற்றொன்று. ஆக, இருபது பெற வேண்டியவன் ஒன்பதோ பத்தோ பெறுவான். சுழியம் வந்திருந்தால் எவரும் சந்தேகிப்பர். பாதி மதிப்பெண் வருவதால், தேர்வு கடினம் போலும் என்று எண்ணி விட்டுவிட இடமுண்டு. வகுப்பில் முதன்மையான மாணவர்களின் மதிப்பெண்கள் எல்லாம் ஒருசேரச் சரிந்திருப்பின், மாணவர்களை ஐயுறுவதற்கு முன்னர் விடைக் குறிப்பை ஐயுற வேண்டும்.

மாற்றும் வேலையை விரிதாளில் கையால் செய்ய வேண்டியதில்லை. மேற்கண்ட கட்டத்தை, எண் ஒரு கட்டத்திலும் விடை அடுத்த கட்டத்திலுமாக, A1 முதல் H5 வரை இட வேண்டும். J பத்தியில் 1 முதல் 20 வரை எழுதிக்கொண்டு, K1, L1 ஆகிய கட்டங்களில் முறையே பின்வரும் வாய்பாடுகளை எழுதி இருபதாம் வரிசை வரை கீழே இழுக்க வேண்டும்.

```
=INDEX($A$1:$H$5,MOD(J1-1,5)+1,2*INT((J1-1)/5)+2)
=INDEX($A$1:$H$5,MOD(J1-1,5)+1,2*INT((J1-1)/5)+1)
```

13-ஆம் வினாவைக் கொண்டு இதை விளக்கலாம். 13-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 12. அதை ஐந்தால் வகுத்தால் ஈவு 2, மீதி 2. மீதியுடன் ஒன்றைக் கூட்ட, மூன்றாம் குறுக்கு வரிசை கிடைக்கிறது. ஈவை இரட்டித்து இரண்டைக் கூட்ட, ஆறாம் பத்தி கிடைக்கிறது. அங்கிருப்பது D. ஐந்து என்பது ஒரு பத்தியில் அடுக்கப்பட்ட வினாக்களின் எண்ணிக்கை. இருபத்தைந்து வீதம் அடுக்கப்பட்ட கட்டமாயின் ஐந்திற்குப் பதிலாக 25 என்று எழுதி, கட்டத்தின் எல்லையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

இரண்டாம் வாய்பாடு வீண் வேலை அன்று. அது விடைக்குப் பதிலாக, அதற்கு இடப்புறம் அச்சாகியுள்ள வினா எண்ணை எடுத்து வருகிறது. L பத்தி J பத்தியுடன் வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டும். அச்சுக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது, நீக்கப்பட்ட வினாவின் கட்டம் காலியாக இருந்தால், அவ்வரிசையில் வலப்புறமுள்ளவை யாவும் ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்துவிடுவதுண்டு. அப்போது 9-ஆம் வினாவின் விடையாக 14 என்ற எண்ணும், 14 என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் B என்ற எழுத்தும் தோன்றும். L பத்தி அதை உடனே காட்டிக் கொடுக்கும். விடைகளும் 1, 2, 3, 4 என எண்களாகவே குறிக்கப்படும் தேர்வுகளில் இச்சோதனை மேலும் அவசியம். அங்கு எண்ணுக்கும் விடைக்கும் தோற்றத்தில் வேற்றுமை இல்லை. அத்தகைய தேர்வுகளில் இரு விடைகளை 2/4 என்று எழுதினால் விரிதாள் அதைத் தேதியாக மாற்றிவிடக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பட்டியல் முடிந்தபின் மதிப்பிடுதல். மாணவன் குறித்த விடைகள் N பத்தியில் இருப்பின், இரு விடைகளை ஏற்கும் பொருட்டு, N-இலுள்ள எழுத்து K-இல் இருக்கிறதா என்று தேடும் FIND என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. மாணவன் விடையளிக்காமல் விட்ட கட்டம் காலியாக இருக்கும். காலியானதை எதில் தேடினாலும் FIND கிடைத்ததாகவே கூறும். வெறுந்தாளைக் கொடுத்தவன் முழு மதிப்பெண் பெற்றுவிடுவான்! 15-ஆம் வினாவில் இரண்டு வட்டங்களையும் நிரப்பியவனும் அவ்வாறே தப்பிவிடுவான். எனவே குறி ஒன்றே ஒன்றுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

```
=IF(K1="*",1,IF(LEN(N1)<>1,0,IF(ISNUMBER(FIND(N1,K1)),1,0)))
```

நீக்கப்பட்ட வினாவிற்கு அனைவருக்கும் மதிப்பெண் தருவது என்ற விதியை இவ்வாய்பாடு கொண்டுள்ளது. விதி வேறாயின் முதலில் வரும் 1-ஐ மாற்ற வேண்டும். FIND பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதுவதால், இரு பத்திகளிலும் எழுத்துக்கள் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். பல தொகுதிகளாக வினாத்தாள் அச்சிடப்பட்டிருந்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பட்டியல் வேண்டும்.

ஒரு வினாவிற்கு ஒரு வரிசை என்ற அமைப்பின் பயன், விடைக் குறிப்பு பின்னர் திருத்தப்படும்போது நன்கு விளங்கும். 2024-ஆம் ஆண்டின் நீட் தேர்வில் அணுக்களைப் பற்றிய பௌதிக வினா ஒன்றிற்கு 2, 4 ஆகிய இரு விடைகளுக்கும் மதிப்பெண் அளிக்கப்பட்டிருந்தது. பழைய பாடநூலைப் பின்பற்றியோர் 2 என்று குறித்திருந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டில்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர்கள் ஆராய்ந்து, 4 மட்டுமே சரி என அறிவித்தனர். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு என்பது அத்தேர்வின் விதியாதலால், 2 என்று குறித்த நான்கு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தலைக்கு 5 மதிப்பெண் இழந்தனர். திருத்திய முடிவுகள் ஜூலை 26-ஆம் தேதி வெளியாயின. இத்தகைய திருத்தத்திற்குப் பட்டியலில் மாற வேண்டியது, அந்த வினாவின் வரிசையில் உள்ள 24 என்ற பதிவு 4 ஆவது மட்டுமே. மற்ற வரிசைகளைத் தொடாமல் மீண்டும் கணக்கிட்டு, பழைய மதிப்பெண்ணையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த வினாவில் 2 என்று குறித்தோரைத் தவிர வேறெவருடைய மதிப்பெண்ணும் மாறியிருக்கக் கூடாது.